ஓட்டைக் காலணாவும் ஒரு நன்றியும்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, நானும் நண்பன் ஒருவனும் யூட்யூபில் நேரலையாகப் பழைய நாணயங்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். அறுபது எழுபது பேர் பார்ப்பார்கள். பெரும்பாலும் தெரிந்த முகங்கள், அதாவது தெரிந்த பெயர்கள். இரண்டு மாதம் முன்பு ஓட்டைக் காலணாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். 1943 முதல் 1947 வரை அச்சடித்த, நடுவில் வட்டமாகத் துளை போட்ட செப்புக் காசு. போர்க்காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்கத்தான் அந்தத் துளை என்று நான் சொல்லி முடிக்கும்போது திரையில் வண்ணப் பட்டையோடு ஒரு செய்தி வந்தது. நூறு ரூபாய் சூப்பர் சாட்.

"நூறு ரூபா சூப்பர் சாட்! ரொம்ப நன்றி ப்ரோ, ரொம்ப நன்றி," என்றேன். அடுத்த காசுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் பதிவைத் திரும்பப் பார்த்தபோதுதான் அந்தச் செய்தியை முழுதாக வாசித்தேன். "எங்க அப்பா பெட்டியில இதே காசு இருந்துச்சு. போன மாசம் தவறிட்டார். ஏன் ஓட்டைன்னு இப்பதான் புரியுது." அவ்வளவுதான். அதற்கு நான் சொன்ன பதில் "நூறு ரூபா".

அன்றிலிருந்து இந்த நன்றி சொல்லும் வேலையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேரலையில் காசு கொடுத்து ஒருவர் ஒரு வரி எழுதுகிறார். அதைப் பெற்றவர் என்ன சொல்ல வேண்டும்? யார் இந்த வழக்கத்தை உருவாக்கினார்கள்? தேடிப் போனால், நான் நினைத்ததைவிடப் பழைய கதையாக இருக்கிறது.

*

முதலில் அந்த நூறு ரூபாய்க்கு அவர் என்ன வாங்கினார் என்று பார்க்கலாம். யூட்யூப் 2017 ஜனவரியில் சூப்பர் சாட்டைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு 2014 முதல் 'ஃபேன் ஃபண்டிங்' என்ற பெயரில் நேரடியாக நன்கொடை கொடுக்கும் வசதி இருந்தது. அதை நிறுத்திவிட்டு இதைத் தந்தார்கள். பெயர் மாற்றம் போலத் தோன்றினாலும் உள்ளே ஒரு பெரிய மாற்றம் இருந்தது. ஃபேன் ஃபண்டிங் கொடை. சூப்பர் சாட் கொள்முதல். நாம் வாங்குவது இடமும் நேரமும். நம் செய்திக்கு வண்ணம் கிடைக்கும். தொகை கூடக் கூட எழுத்துகளின் எண்ணிக்கை கூடும், உரையாடல் பெட்டியின் உச்சியில் அது ஒட்டிக்கொண்டு நிற்கும் நேரமும் கூடும்.

அமெரிக்க டாலரில் சொன்னால் கணக்கு எளிது. ஒன்றிலிருந்து இரண்டு டாலருக்குள் கொடுத்தால் நீலப் பட்டை, அதில் எதுவும் எழுத முடியாது. இரண்டு டாலரிலிருந்து வெளிர் நீலம், ஐம்பது எழுத்து. ஆனால் இந்த இரண்டும் உச்சியில் ஒட்டாது. மற்றச் செய்திகளோடு சேர்ந்து மேலே ஓடிப்போய்விடும். ஐந்து டாலருக்குப் பச்சை, இரண்டு நிமிடம் நிற்கும். பத்துக்கு மஞ்சள், ஐந்து நிமிடம். நூறு டாலரைத் தாண்டினால் சிவப்பு, ஒரு மணி நேரம். ஐந்நூறு டாலருக்கு ஐந்து மணி நேரமும் 350 எழுத்தும். கொடுத்த பணத்தில் வரிகள் போக மீதியில் எழுபது சதவீதம் நேரலை நடத்துபவருக்கு, முப்பது யூட்யூபுக்கு.

இந்தப் பட்டியலில் 'பதில்' என்ற ஒன்று எங்கேயும் இல்லை. கவனித்தீர்களா? நிறுவனம் விற்பது கண்ணில் படுவதை மட்டும்தான். உங்கள் பெயரைச் சொல்வார், வாசிப்பார், சிரிப்பார் என்றெல்லாம் அது வாக்குத் தரவில்லை. ஆனால் காசு கொடுக்கும் யாரும் வண்ணப் பட்டைக்காகக் கொடுப்பதில்லை. 'அவர் என்னைப் பார்க்கணும்' என்பதற்காகத்தான் கொடுக்கிறார்கள். விற்கப்படும் பொருள் ஒன்று, வாங்குபவர் மனதில் இருக்கும் பொருள் வேறொன்று. நடுவில் இருக்கும் அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு கேமரா முன் உட்கார்ந்திருப்பவர் தலையில் விழுகிறது. நன்றி என்பது அந்த இடைவெளிக்குப் பெயர்.

*

இந்த இடைவெளி இணையத்தில் பிறந்ததல்ல. ஜப்பானில் இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. சூப்பர் சாட் போன்றவற்றை அங்கே இன்றும் 'நகேசென்' என்கிறார்கள். வீசியெறியும் காசு என்று பொருள். தெருவில் வித்தை காட்டுபவருக்கு எறிந்த காசுக்கான பழைய சொல் அது. மேடை நடிகர்களுக்குக் கொடுத்தது 'ஓஹினேரி'. காசை வெள்ளைத் தாளில் வைத்து முறுக்கி எறிவார்கள். முறுக்குவதுதான் அந்தப் பெயருக்குக் காரணம். தாளுக்குள் எவ்வளவு என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. யார் எறிந்தது என்றும் நடிகருக்குப் பெரும்பாலும் தெரியாது. ஆகவே நன்றியும் பொதுவாகத்தான் இருக்கும். மொத்தக் கூட்டத்துக்கும் ஒரு வணக்கம்.

சுமோ மல்யுத்தத்தில் இருந்த வழக்கம் இன்னும் சுவாரசியம். அதற்கு 'நகேஹானா' என்று பெயர், வீசும் பூ. பிடித்த வீரர் ஜெயித்துவிட்டால் பார்வையாளர் தன் மேலங்கியைக் கழற்றி வளையத்துக்குள் எறிந்துவிடுவார். தொப்பியும் எறிவார்கள், புகையிலைப் பையும் எறிவார்கள். வீரருக்கு அந்தச் சட்டையால் என்ன பயன்? ஒன்றுமில்லை. அது ஒரு கடன் சீட்டு மாதிரி. ஆட்டம் முடிந்ததும் வீரரின் ஆட்கள் அந்தச் சட்டையை உரியவரிடம் எடுத்துப்போய்க் கொடுப்பார்கள், அவர் அதற்கு ஈடாகப் பணம் தருவார். டோக்கியோவில் 1909ல் சுமோவுக்கென்று கொகுகிகான் என்ற நிரந்தர அரங்கு திறந்தபோது இந்த வழக்கத்தைத் தடை செய்தார்கள். வளையத்துக்குள் சட்டைகள் பறந்து விழுவது ஒரு தேசிய விளையாட்டுக்கு கௌரவமாகத் தெரியவில்லை.

ஓஹினேரிக்கும் நகேஹானாவுக்கும் நடுவில் இருக்கும் வேறுபாட்டில்தான் என் கேள்விக்கான முதல் துப்பு கிடைத்தது. காசுக்குப் பெயர் கிடையாது. சட்டைக்கு ஓர் ஆள் உண்டு. சட்டையை எறிந்தவர், 'அதைத் திருப்பிக் கொடுக்க என்னைத் தேடி வா' என்றுதான் சொல்கிறார். அந்தத் திரும்பி வருதலில் ஒரு சந்திப்பு இருக்கிறது. சூப்பர் சாட்டில் தொகை காசு, செய்தி சட்டை. நான் அன்றைக்குக் காசை எடுத்துக்கொண்டு சட்டையை வளையத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

நம் ஊரில் கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நடு ஆட்டத்தில் ஒருவர் எழுந்து பத்து ரூபாயை நீட்டுவார். கட்டியங்காரன் கதையை நிறுத்தி, இன்ன தெரு இன்னார் மகன் இன்னார் இவ்வளவு கொடுத்தார் என்று மைக்கில் சொல்வான். எங்கள் ஊரில் என் தாத்தா ஒருமுறை கொடுத்தார். அறிவிப்பு வரும்வரை உட்காரவே இல்லை, நின்றுகொண்டே இருந்தார். தொகையைவிடத் 'தெரு', 'மகன்' இரண்டும் தப்பாமல் வருகிறதா என்பதுதான் அவர் கவலை.

*

இணையத்தில் இதன் முதல் பெரிய சோதனைக்கூடம் தென்கொரியா. ஆஃப்ரீகா டிவி என்ற நேரலைத் தளம் 2007ல் 'நட்சத்திர பலூன்' என்ற மெய்நிகர் பரிசைக் கொண்டுவந்தது. ஒரு பலூன் நூறு வொன், வரி தனி. பலூன் வந்ததும் நடத்துபவர் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற வழக்கம் சீக்கிரமே உருவானது. அதை 'ரியாக்‌ஷன்' என்றே அழைத்தார்கள். கொஞ்சம் வந்தால் பெயரைச் சொல்லி ஒரு வணக்கம், நிறைய வந்தால் பாட்டு, நடனம், கூச்சல். நன்றி அங்கே ஒரு நிகழ்ச்சியாகவே மாறியது.

அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. பலூன் எண்ணிக்கைக்கு ஏற்ப ரியாக்‌ஷன் கூடினால் அது நன்றி அல்ல, விலைப்பட்டியல். பார்ப்பவர் அடுத்த படிக்குப் போகத் தூண்டப்படுகிறார். பக்கத்தில் இருப்பவர் ஐந்நூறு கொடுத்து நடனம் வாங்கினால் இவர் ஆயிரம் கொடுக்கிறார். சம்பளத்தைக் கொட்டியவர்கள், கடன் பட்டவர்கள் எனச் செய்திகள் வந்து, விஷயம் நாடாளுமன்றம் வரை போனது. கடைசியில் ஒருவர் ஒரு நாளில் செலவழிக்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு வந்தது.

அமெரிக்காவில் ட்விட்ச் தளம் 2016ல் 'பிட்ஸ்' என்ற முறையைத் தொடங்கியது. அதற்கு முன்பே பேபால் வழியாக நன்கொடை அனுப்பும் வெளிச் சேவைகள் அங்கே புழக்கத்தில் இருந்தன. அவற்றில் பலவற்றில் ஓர் இயந்திரக் குரல் செய்தியைத் தானாகவே வாசித்துவிடும். நடத்துபவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. வசதிதான். ஆனால் குறும்புக்காரர்களுக்கு அது திருவிழா. அர்த்தமில்லாத எழுத்துகளை நிரப்பி இயந்திரத்தைக் கத்த வைத்தார்கள், கெட்ட வார்த்தைகளைப் பிரித்துப் பிரித்து எழுதி முழு அரங்கின் காதிலும் ஏற்றினார்கள். ஒருவர் எழுதியதை இன்னொரு மனிதர் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்வதற்கும், எவரும் பார்க்காமலே ஒலிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

அங்கே எனக்குப் பிடித்த ஒரு முடிவும் உண்டு. ட்விட்சில் மிகவும் புகழ்பெற்ற போக்கிமேன் 2020 நவம்பரில் தனக்கு வரும் நன்கொடைக்கு ஐந்து டாலர் என்று தானே வரம்பு வைத்தார். அதற்கு மேல் தனக்குத் தேவையில்லை என்றார். வருமானம் போதுமான அளவு இருந்தவர், ஆகவே அவரால் முடிந்தது என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் அந்த வரம்பு நன்றிக்கு என்ன செய்தது என்று பாருங்கள். எல்லோரும் ஐந்துக்குள் கொடுத்தால் தொகையைச் சொல்லி வியக்க எதுவுமே இல்லை. மிஞ்சுவது அவர் எழுதிய வரி மட்டும்.

*

நன்றியை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தவர்கள் ஜப்பானிய வீட்யூபர்கள். தன் முகத்துக்குப் பதிலாக அசையும் கார்ட்டூன் உருவத்தோடு தோன்றுபவர்கள். 2016 இறுதியில் கிசுனா ஐ தொடங்கிவைத்த அலை அது. 2020ல் சூப்பர் சாட் மூலம் உலகிலேயே அதிகம் பெற்றவர்களின் பட்டியலில் முன்வரிசையை இவர்களே பிடித்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு முதலிடத்தில் இருந்தவர் கிர்யூ கோகோ, ஹோலோலைவ் நிறுவனத்தின் டிராகன் பெண். 2021 ஜூலை 1 அன்று அவர் விடைபெற்ற நேரலையை ஒரே நேரத்தில் நாலரை லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள்.

இவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் வந்தது. நடுவில் விளையாட்டை நிறுத்தி ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னால் விளையாட்டு நகராது. சொல்லாவிட்டால் கொடுத்தவர் மனம் வாடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று மணி நேர நேரலையில் அறுநூறு சூப்பர் சாட் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரையும் செய்தியையும் வாசித்துப் பதில் சொல்ல ஒன்றுக்குப் பத்து நொடி. மொத்தம் ஆறாயிரம் நொடி, நூறு நிமிடம். நிகழ்ச்சியில் பாதிக்கு மேல் நன்றிக்கே போய்விடும். பெயரை மட்டும் மூன்று நொடியில் சொன்னால் அரை மணி நேரத்தில் முடியும்.

இதற்கு அவர்கள் கண்ட வழிதான் 'சுபாச்சா யோமி', சூப்பர் சாட் வாசிப்பு. நிகழ்ச்சி முடிந்த பிறகு, அல்லது வேறொரு நாள் தனி நேரலையில், பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றொன்றாக வாசிப்பது. சிலர் பெயரை மட்டும் வாசித்தார்கள், சிலர் செய்தியோடு. வழிபாட்டில் அர்ச்சனைச் சீட்டு வாசிப்பது போல ஒரே தாளத்தில் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். நடுவில் திடீரென்று, "ஓ, உங்களுக்குத் தேர்வு முடிஞ்சிருச்சா?" என்று ஒரு நிறுத்தம். ஜப்பானியப் பெயர்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரே எழுத்தைப் பல விதமாக உச்சரிக்கலாம். தப்பாக வாசித்துவிட்டால், "இப்படியா, அப்படியா? மன்னிச்சுக்கங்க," என்று நின்று கேட்பார்கள். எனக்கு அந்தத் தடுமாற்றமே உண்மையான நன்றியாகத் தோன்றும்.

இந்த முறையில் ஒரு முக்கியமான விஷயம் தானாகவே நடந்தது. நேரலையின்போது உச்சியில் ஒட்டி நிற்பவை பெரிய தொகைகள் மட்டும். நீலமும் வெளிர் நீலமும் நொடிகளில் மறைந்துவிடும். ஆகவே அப்போதே நன்றி சொல்பவர், தன்னை அறியாமலே, பணக்காரர்களுக்கு மட்டும் சொல்கிறார். ஆனால் பட்டியலை வந்த வரிசையில் கீழே வரை வாசித்தால் நூறு யென் கொடுத்த பள்ளி மாணவனுக்கும் பத்தாயிரம் யென் கொடுத்தவருக்கும் ஒரே மூன்று நொடிதான். அந்தப் பத்தாயிரத்துக்கு 'அகாசுபா' என்று பட்டப்பெயர் உண்டு, சிவப்புச் சூப்பர் சாட்.

பார்வையாளர்களும் இதில் சேர்ந்துகொண்டார்கள். யாராவது சூப்பர் சாட் அனுப்பினால் மற்றவர்கள் உரையாடல் பெட்டியில் 'நைசுபா' என்று எழுதுவார்கள், 'நல்ல சூப்பர் சாட்' என்பதன் சுருக்கம். நடத்துபவர் கவனிக்கும் முன்பே கூட்டம் அந்த மனிதருக்கு நன்றி சொல்லிவிடும். இன்னொரு வகை உண்டு, 'பேசாத சூப்பர் சாட்'. பெருந்தொகை, செய்தி ஒரு எழுத்துகூட இருக்காது. நடத்துபவர்கள் அதைக் கண்டு குழம்பிப்போவதைப் பார்த்திருக்கிறேன். என்ன சொல்வது? பெயரைச் சொல்லி, ஒரு நொடி நிறுத்தி, நன்றி என்று மட்டும் சொல்வார்கள். பேசாமல் கொடுத்தவருக்கு அதிகம் பேசாமல் நன்றி சொல்வதுதான் மரியாதை என்று தோன்றுகிறது.

எல்லாம் நன்றாகவே போய்விடவில்லை. வாசிப்பு வழக்கமானதும் அது கடனாக மாறியது. 'போன வாரம் என் பெயரைச் சொல்லவே இல்லையே' என்ற முறையீடு வரும். தொண்டை கட்டியவரும் பட்டியலோடு உட்கார வேண்டியதாயிற்று. தன்னை அவர் தனியாக அறிந்து வைத்திருக்கிறார் என்று நம்பத் தொடங்குபவர்களுக்கு மூன்று நொடி நன்றி எரியும் விளக்கில் எண்ணெய். அதனால் சிலர் வாசிப்பைக் குறைத்தார்கள், சிலர் சில நேரலைகளுக்குச் சூப்பர் சாட்டையே அணைத்து வைத்தார்கள். இவர் இவ்வளவு கொடுத்தார், ஆகவே இவ்வளவு நெருக்கம் என்ற கணக்கை உடைக்க அதுவும் ஒரு வழி.

*

இதையெல்லாம் படித்த பிறகு எங்கள் சின்ன நேரலைக்கு நானும் நண்பனும் மூன்று விஷயங்களை முடிவு செய்தோம். தொகையை வாயால் சொல்வதில்லை. அது திரையிலேயே இருக்கிறது, யாருக்கும் புதிதல்ல. ஒருவன் பேசும்போது மற்றவன் செய்தியை மனதுக்குள் முழுதாக வாசித்துவிட்டுத்தான் சத்தமாக வாசிக்க வேண்டும். அப்போதுதான் அது நகைச்சுவையா, கேள்வியா, துக்கமா என்று தெரிந்து குரல் அதற்கேற்ப வரும். மூன்றாவது, நிகழ்ச்சி முடிவில் பட்டியலை முதலிலிருந்து ஒருமுறை பார்ப்பது. எங்களுக்கு வருவது நான்கோ ஐந்தோதான். நூறு நிமிடக் கவலையெல்லாம் கிடையாது. அந்த வசதி இருந்தும் தவறவிட்டேன் என்பதுதான் உறுத்தியது.

அடுத்த மாத நேரலையின் தொடக்கத்தில் அந்தச் செய்தியை மறுபடியும் எடுத்தேன். பெயரைச் சொன்னேன். "போன தடவை நீங்க எழுதினத நான் சரியா படிக்கல. உங்க அப்பா பெட்டியில இருந்த காசு எந்த வருஷம்னு தெரிஞ்சா சொல்லுங்க. துளையைச் சுத்தி இருக்கிற வளையம் எல்லா வருஷமும் ஒரே மாதிரி இருக்காது," என்றேன். அவர் அன்று வந்திருப்பாரா என்றே தெரியாது. சில நொடி பெட்டியில் ஒன்றும் வரவில்லை.

பிறகு வெள்ளையில், காசில்லாமல், சாதாரணச் செய்தியாக வந்தது. "1944. துளைக்குள்ள ஒரு கறுப்புக் கயிறு கட்டியிருக்கு. ஏன்னு தெரியல."

எனக்கும் தெரியவில்லை. பெட்டியில் இருந்த மற்றவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். எங்க பாட்டி இடுப்புல கட்டியிருந்தாங்க என்றார் ஒருவர். குழந்தை அரைஞாண்ல கோத்துவிடுவாங்க என்றார் இன்னொருவர். சைக்கிள் கடையில் அதையே வாஷராகப் போடுவார்கள் என்றார் மூன்றாமவர். அரை மணி நேரம் அந்தக் கயிற்றைப் பற்றியே பேசினோம். அன்றைக்குத் திட்டமிட்டிருந்த சோழர் காசை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தோம்.